13-ஆம் குரோமோசோம் ‘ஹை ரிஸ்க்’: இரத்தப் பரிசோதனையை நம்புவதா, ஊசிப் பரிசோதனையை நம்புவதா?

கேள்வி: எனக்கு 25 வயது, முதல் குழந்தை, இன்றைக்கு 12 வாரம் 5 நாள். ஊர் தேவிபட்டினம் பக்கம். அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். ராமநாதபுரத்தில் என்.ஐ.பி.டி. இரத்தப் பரிசோதனை எடுத்ததில் ‘ட்ரைசோமி 13 ஹை ரிஸ்க்’ என்று வந்திருக்கிறது. இந்தச் சோதனை 99 சதவீதம் சரியாக இருக்கும் என்கிறார்கள். ஆனால் என்.டி. ஸ்கேனில் ஒரு குறையும் இல்லை. மதுரைக்குப் போய் சி.வி.எஸ். ஊசி எடுக்கச் சொல்கிறார்கள். ஊசி போட்டால் கரு கலைந்துவிடும் என்று அத்தை அழுகிறார்கள். சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று ஊரில் பேச்சு. எது அதிகத் துல்லியம், நான் எதை நம்புவது?

பதில்:

நான் மதுரையில் ஒரு மரபணு ஆய்வகத்தில் குரோமோசோம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது தொண்டிப் பக்கம். உங்கள் கையில் இருப்பதைப் போன்ற ரிப்போர்ட்டோடு நம் கடற்கரையிலிருந்து வருகிறவர்களிடம் நான் முதலில் பேசுவது அந்த 99-ஐப் பற்றித்தான்.

அந்த எண்ணில் பொய் இல்லை. ஆனால் அது வேறொரு கேள்விக்கான பதில். ‘குறை உள்ள கருக்கள் 100 இருந்தால் சோதனை எத்தனையைக் கண்டுபிடிக்கும்?’ என்று கேட்டால்தான் 99 என்று வரும். நீங்கள் கேட்பது அதற்கு நேர்மாறு: ‘ஹை ரிஸ்க் என்று வந்த 100 பேரில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே குறை இருக்கிறது?’ இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணக்குப் போட்டால் வெகு தூரம் விலகிப் போகும்.

போட்டுப் பார்ப்போம். ட்ரைசோமி 13 என்பது 13-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது. 25 வயதுப் பெண்ணுக்கு 12-ஆவது வாரத்தில் கருவில் அது இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 8,000-த்தில் ஒன்று. உங்கள் வயதுக் கர்ப்பிணிகள் 80,000 பேர் இந்த இரத்தப் பரிசோதனையை எடுத்துக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். அவர்களில் 10 பேருக்குத்தான் அந்தக் குறை இருக்கும். சோதனை அந்த 10 பேரையும் பிடித்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். மீதி இருப்பவர்கள் ஏறக்குறைய 80,000 பேர். குறை இல்லாத 10,000 பேரில் சுமார் 4 பேருக்கு இந்தச் சோதனை தவறாக ‘ஹை ரிஸ்க்’ என்று சொல்லும். கேட்க மிகக் குறைவுதான். ஆனால் 80,000 பேருக்கு அது 32 ஆகிவிடுகிறது. ஆக ‘ஹை ரிஸ்க்’ சீட்டோடு வெளியே வருவது 42 பேர், அதில் உண்மை 10. நாலில் ஒன்று.

இதே 80,000 பேருக்கு டவுன் சிண்ட்ரோம், அதாவது ட்ரைசோமி 21, கணக்குப் போட்டால் வேறு மாதிரி வரும். உங்கள் வயதில் அது ஏறத்தாழ 1,000-த்தில் ஒன்று. உண்மையானவை 80, தவறாகப் பிடிபடுபவை அதே 32. பத்துக்கு ஏழு உண்மை. 40 வயதுப் பெண்ணுக்கு டவுன் சிண்ட்ரோம் 70-ல் ஒன்றுக்குப் பக்கத்தில் இருப்பதால், அவருக்கு வரும் ‘ஹை ரிஸ்க்’ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் உண்மையாகவே இருக்கும். வலை ஒன்றுதான். எந்தக் கடலில் வீசுகிறோம், அங்கே அந்த மீன் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து வலையில் வருவது மாறுகிறது. இதை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் யாரும் அச்சடிப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் கோபம்.

உங்களுக்கு நாலில் ஒன்று என்பதும் ஸ்கேனைக் கணக்கில் எடுப்பதற்கு முந்தைய எண். ட்ரைசோமி 13 ஒளிந்துகொள்கிற குறை இல்லை. மூளை இரண்டாகப் பிரியாமல் இருப்பது, உதடு பிளவு, இதயக் குறை, குடல் வயிற்றுக்கு வெளியே இருப்பது, கூடுதல் விரல் என்று ஏதாவது ஒன்று 12, 13 வாரத்திலேயே அனுபவமுள்ள கண்ணுக்குப் பெரும்பாலும் தட்டுப்படும். உங்கள் ஸ்கேன் அப்படிப்பட்டவர் பார்த்ததா, அல்லது கழுத்துக்குப் பின்னால் உள்ள நீர் அளவை மட்டும் எடுத்துவிட்டு எழுந்தார்களா என்று எனக்குத் தெரியாது. அதனால் கருநிலை மருத்துவம் படித்தவர் ஒருவரிடம் இந்த வாரமே இன்னொரு முறை நிதானமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அவரும் ‘ஒன்றும் இல்லை’ என்றால், நாலில் ஒன்று என்பது இன்னும் கீழே இறங்கும்.

சரி, குறை இல்லாத கருவுக்குச் சோதனை ஏன் தவறிச் சொல்கிறது? இது புரிந்தால் சி.வி.எஸ்.-ஐப் பற்றிய பாதிக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

என்.ஐ.பி.டி.யில் ‘குழந்தையின் டி.என்.ஏ.’ என்று சொல்வது உண்மையில் குழந்தையிடமிருந்து வருவதில்லை. நஞ்சுக்கொடியின் வெளித்தோல் செல்கள் ஆயுள் முடிந்து சிதையும்போது அவற்றின் டி.என்.ஏ. துண்டு துண்டாகத் தாயின் இரத்தத்தில் கலக்கிறது. தாயின் இரத்தத்தில் இப்படிக் கரு சார்ந்த டி.என்.ஏ. மிதக்கிறது என்று டென்னிஸ் லோவும் அவரது குழுவினரும் 1997-இல் காட்டினார்கள். 2011 வாக்கில் அது கடைக்கு வரும் சோதனையாயிற்று. பத்து வாரத்துக்கு மேல் தாயின் இரத்தத்தில் மிதக்கும் துண்டுகளில் சுமார் பத்தில் ஒரு பங்கு நஞ்சுக்கொடியுடையது, மீதி தாயுடையது. இயந்திரம் இரண்டையும் பிரிப்பதில்லை. எல்லாவற்றையும் சேர்த்து எண்ணி, 13-ஆம் குரோமோசோமின் துண்டுகள் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கின்றனவா என்று பார்க்கிறது. நஞ்சுக்கொடியின் பங்கு 4 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தக் ‘கொஞ்சம் அதிகம்’ கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் சிலருக்கு ‘முடிவு இல்லை, மறுபடியும் இரத்தம் கொடுங்கள்’ என்று வருகிறது. உங்கள் ரிப்போர்ட்டில் ‘ஃபீட்டல் ஃப்ராக்‌ஷன்’ என்று ஒரு வரி இருக்கும், அது இந்தப் பங்குதான்.

ஆக, இயந்திரம் படித்தது நஞ்சுக்கொடியை. குழந்தையும் நஞ்சுக்கொடியும் ஒரே முட்டையிலிருந்து வந்தவைதான், ஆனால் முதல் சில நாட்களிலேயே பாதை பிரிந்துவிடுகிறது. அந்தப் பிரிவுக்குப் பிறகு நஞ்சுக்கொடிப் பக்கத்துச் செல் ஒன்று பிரியும்போது தவறி ஒரு 13-ஆம் குரோமோசோம் கூடுதலாக வந்துவிட்டால், அந்தச் செல்லின் வம்சம் முழுக்க அப்படியே இருக்கும். குழந்தை சரியாக இருக்கும், நஞ்சுக்கொடியில் மட்டும் பிழை இருக்கும். இதை நஞ்சுக்கொடியோடு நின்றுவிட்ட கலப்பு என்போம். 13-ஆம் குரோமோசோமில் இது அடிக்கடி நடக்கும், 21-இல் அரிது.

வேறு காரணங்களும் உண்டு. உங்களுக்குப் பொருந்தக்கூடிய ஒன்றை மட்டும் சொல்கிறேன்: 6, 7 வாரத்தில் எடுத்த முதல் ஸ்கேனில் இரண்டு பை தெரிந்ததா என்று பழைய ரிப்போர்ட்டைப் புரட்டிப் பாருங்கள். இரட்டையில் ஒன்று வளராமல் கரைந்து போயிருந்தால், அதன் டி.என்.ஏ. பல வாரம் இரத்தத்தில் மிச்சமிருந்து சோதனையை ஏமாற்றும்.

இப்போது சி.வி.எஸ். வயிற்றின் மேல் மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே மெல்லிய நீள ஊசியை நஞ்சுக்கொடிக்குள் செலுத்தி, சிரிஞ்சால் உறிஞ்சியபடி முன்னும் பின்னும் சில முறை அசைப்பார்கள். ஊசி குழந்தையின் பையைத் தொடுவதில்லை. கிடைப்பது 10, 20 மில்லிகிராம் திசு, ஒரு சிட்டிகைகூட இல்லை. தட்டில் உப்புநீர் ஊற்றி அதை மிதக்கவிட்டால், நம் பெண்கள் மன்னார் வளைகுடாவில் முங்கி எடுக்கிற கடல்பாசியைச் சின்னதாக்கி வெள்ளையடித்தது போலக் கிளை கிளையாக விரியும். கிளை இல்லாமல் கட்டியாகக் கிடப்பது தாயின் கருப்பைத் திசு. அதைப் பொறுமையாகப் பிரித்து எடுத்துவிட வேண்டும். சரியாகப் பிரிக்காவிட்டால் குழந்தைக்குப் பதில் தாயின் குரோமோசோமைப் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று எழுதிவிடுவோம். அதற்காகத்தான் ஊசி எடுக்கிற அன்றே தாயின் இரத்தமும் ஒரு குழாய் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அங்கே உங்கள் இரத்தத்தைக் கேட்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

அந்தப் பாசிக் கிளைக்கு வெளித்தோல் ஒன்று, உள்தண்டு ஒன்று. வெளித்தோலைத்தான் ஓரிரு நாளில் நேரடியாகப் பார்க்க முடியும். உள்தண்டின் செல்களை 10 முதல் 14 நாள் வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். உள்தண்டு குழந்தைக்கு நெருங்கிய உறவு, வெளித்தோல் தூரத்து உறவு. என்.ஐ.பி.டி. படித்தது எதை? அதே வெளித்தோலை. அதாவது இரத்தப் பரிசோதனையில் வந்த சந்தேகத்தை சி.வி.எஸ்.-இன் அவசர முடிவைக் கொண்டு மட்டும் தீர்க்கப் போனால், பொய் சொன்ன சாட்சியையே மறுபடி கூண்டில் ஏற்றியது போலாகும்.

பொதுவாகக் கேட்டால் சி.வி.எஸ். இரத்தப் பரிசோதனையைவிடத் துல்லியமானது, அதில் சந்தேகமே இல்லை. இரத்தப் பரிசோதனை வடிகட்டி. சி.வி.எஸ். குரோமோசோமை நேரில் பார்க்கிறது, எல்லா 23 ஜோடியையும் பார்க்கிறது. ஆனால் சி.வி.எஸ். செய்கிற நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு நல்ல செல்லும் பிழையான செல்லும் கலந்து வரும். அவர்களுக்குக் கடைசியில் பனிக்குட நீரையும் எடுத்துப் பார்த்தாக வேண்டும். அதுவும் ஏற்கெனவே என்.ஐ.பி.டி.யில் ஹை ரிஸ்க் வந்தவர்கள் என்றால், எந்தக் குரோமோசோம் என்பதைப் பொறுத்து இந்த எண் ஏறும். 21 என்றால் நூற்றுக்கு 2 என்ற அளவிலேயே நிற்கும். 13 என்றால் நூற்றுக்கு 22 வரை போகிறது. டவுன் சிண்ட்ரோம் ஹை ரிஸ்க்கோடு வருகிறவரிடம் ‘சி.வி.எஸ். எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று நாளில் தெரிந்துவிடும்’ என்று தயங்காமல் சொல்கிற நான், உங்களிடம் அப்படிச் சொல்லத் தயங்குவது இதனால்தான்.

ஒரு கதை சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். 29 வயது, முதல் குழந்தை, கணவர் வளைகுடாவில். உங்களைப் போலவே ட்ரைசோமி 13, ஸ்கேன் சுத்தம். காத்திருக்க வீட்டில் யாருக்கும் மனம் இல்லை, 12 வாரம் 4 நாளில் சி.வி.எஸ். செய்துகொண்டு வந்தார். வெளித்தோலை நேரடியாகப் பார்த்ததில் எண்ணிய 30 செல்லில் 24-இல் கூடுதல் 13. அந்தத் தாளைப் பார்த்த ஒரு மருத்துவர் ‘இரண்டு சோதனையும் ஒத்துப்போகிறது, இனி என்ன யோசனை, கலைத்துவிடுங்கள்’ என்று சொல்லியிருக்கிறார். இரண்டு சோதனை இல்லை, ஒரே திசுவை இரண்டு தடவை பார்த்தது. வளர்ப்பு முடிவு வரட்டும் என்று நாங்கள் பிடிவாதமாக இருந்தோம். பன்னிரண்டாம் நாள் உள்தண்டிலிருந்து வளர்ந்த செல்கள் அத்தனையும் 46 குரோமோசோமோடு சரியாக இருந்தன. அப்போதும் முடிவாகச் சொல்லிவிட முடியாது. 16 வாரம் 2 நாளில் பனிக்குட நீர் எடுத்தார்கள். அதில் மிதப்பவை குழந்தையின் தோலிலிருந்தும் சிறுநீர்ப் பாதையிலிருந்தும் உதிர்ந்த செல்கள், சாட்சியாகக் குழந்தையே வந்து நிற்பது மாதிரி. எல்லாம் சரி. நஞ்சுக்கொடியில் பிழை இருந்தால் குழந்தை கொஞ்சம் மெலிவாக வளரலாம் என்பதால் கடைசி மாதங்களில் ஸ்கேனை நெருக்கி வைத்தார்கள். 37 வாரத்தில் 2.4 கிலோவில் பெற்றெடுத்தார். பிறகு நஞ்சுக்கொடித் துண்டை வாங்கிப் பார்த்தோம், 13 அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

அவர் பட்டது இரண்டு ஊசி, ஐந்து வாரத் தூக்கமின்மை. முதலிலேயே 16 வாரம்வரை காத்திருந்தால் ஒரு ஊசியோடு முடிந்திருக்கும்.

அதனால் உங்களுக்கு என் கருத்து இது. இந்த வாரம் நல்ல கையால் விரிவான ஸ்கேன். அதில் குறை ஏதாவது தென்பட்டால் கணக்கு தலைகீழாகிவிடும், அப்போது 14 வாரம் ஆவதற்குள் சி.வி.எஸ். செய்வதுதான் சரி, காத்திருந்து பயனில்லை. ஸ்கேன் மறுபடியும் சுத்தம் என்றால் சி.வி.எஸ்.-ஐ விட்டுவிட்டு 16 வாரத்தில் பனிக்குட நீர். மூன்று வாரம் காத்திருப்பது கஷ்டம்தான், தெரியும். சட்டப்படி நேரம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். 16 வாரத்தில் எடுத்தால் அவசர முடிவு மூன்று நாளில், முழு முடிவு 18 வாரச் சுமாருக்கு வந்துவிடும். ஒருவேளை கெட்ட செய்தியாக வந்தாலும் 20 வாரத்துக்குள்ளேயே இருப்பீர்கள். கருவில் பெரிய குறை என்று மருத்துவ வாரியம் உறுதி செய்தால் 24 வாரத்துக்குப் பிறகும் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தில் வழி இருக்கிறது. எந்த நிலையிலும் என்.ஐ.பி.டி. தாளை மட்டும் வைத்துக்கொண்டு கலைக்கச் சம்மதிக்காதீர்கள்.

அத்தையின் பயத்துக்கு வருவோம். அவர்கள் கேள்விப்பட்டது பொய் இல்லை, பழைய கணக்கு. முன்பு நூற்றுக்கு ஒன்று என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட பின்னாளைய ஆய்வுகள், ஊசியால் மட்டும் கூடுதலாகக் கலைவது சி.வி.எஸ்.-இல் ஏறத்தாழ 500-இல் ஒன்று என்கின்றன. பனிக்குட நீருக்கும் அதே அளவுதான், சற்றுக் குறைவாகவும் இருக்கலாம். இந்த எண்கள் எல்லாம் இதையே தொடர்ந்து செய்கிற கைகளுக்கு. மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று மருத்துவரிடம் கேட்பது மரியாதைக் குறைவில்லை. ஊசி போட்ட அன்றும் மறுநாளும் மாதவிடாய் போல லேசான வலி, சி.வி.எஸ். என்றால் சொட்டுச் சொட்டாக இரத்தம், இவை வரலாம். காய்ச்சல் வந்தாலோ தண்ணீர் போலக் கசிந்தாலோ உடனே போக வேண்டும். உங்கள் இரத்த வகை நெகட்டிவ் என்றால் ஊசிக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி போட்டுக்கொள்ள மறக்காதீர்கள்.

ஊர்ப் பேச்சுக்கும் ஒரு பதில். ட்ரைசோமி 13-க்கும் அத்தை மகனைக் கட்டியதற்கும் சம்பந்தம் இல்லை. அது பெரும்பாலும் முட்டை உருவாகும்போது குரோமோசோம் சரியாகப் பிரியாததால் வருவது. வயது கூடினால் வாய்ப்பு கூடும், சொந்தத்தில் கட்டினால் கூடாது. சொந்தத்தில் கட்டுவதால் கூடுகிற நோய்கள் வேறு வகை: கணவன் மனைவி இருவரும் ஒரே மரபணுக் குறையை ஒளித்துச் சுமந்து, இரண்டும் குழந்தையில் ஒன்று சேருவதால் வருபவை. தலசீமியா, பிறவிக் காதுகேளாமையில் பல வகைகள், சில வளர்சிதை நோய்கள் இந்தக் கூட்டம். வழக்கமான என்.ஐ.பி.டி. இவற்றில் எதையும் பார்ப்பதே இல்லை. ‘லோ ரிஸ்க்’ என்று வந்த தாளைக் காட்டி ‘சொந்தத்தில் கட்டியும் ஒன்றும் இல்லை’ என்று நிம்மதியாகப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குத்தான் நிம்மதி போகும். இரு வீட்டிலும் இரத்தம் ஏற்ற வேண்டிய குழந்தை, காரணம் தெரியாமல் இறந்த பச்சிளங்குழந்தை, பேசாத, கேட்காத பிள்ளை யாராவது உண்டா என்று அத்தையிடம் உட்கார்ந்து கேளுங்கள், அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். உண்டு என்றால் அடுத்த குழந்தைக்கு முன்பே இருவரின் இரத்தத்தையும் பார்த்து, எந்த மரபணு என்று தெரிந்துவைத்துக்கொண்டால், அப்போது 11-ஆவது வாரத்து சி.வி.எஸ்.-தான் சிறந்த சோதனை. அந்த மாதிரி நோயில் வெளித்தோல், உள்தண்டு என்ற குழப்பமே கிடையாது. பரம்பரையாக வந்த குறை எல்லாச் செல்லிலும் இருக்கும்.

ஆணா பெண்ணா என்று எந்தச் சோதனையிலும் கேட்காதீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம். ஊசிக்கு முன் உங்கள் கையெழுத்து வாங்குவதும் அதே சட்டத்தின் ‘படிவம் ஜி’தான், தமிழில் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கடைசியாக, மாதிரி எடுக்கிற இடம். என்.ஐ.பி.டி. இரத்தம் அதற்கென்று உள்ள குழாயில் சில நாள் தாங்கும், அதனால் ராமநாதபுரத்தில் எடுத்துக் கூரியரில் அனுப்பலாம். பனிக்குட நீர் அப்படி இல்லை. அதில் உள்ள செல்கள் உயிரோடு வந்து சேர்ந்தால்தான் எங்களால் வளர்க்க முடியும். ஊரில் எடுத்து, மே மாத வெயிலில் மூடிய காரில் மதுரை வரை வந்து, ஒன்றும் வளராமல் திரும்ப ஊசிக்கு அழைத்தவர்கள் இருக்கிறார்கள். மதுரைக்கே வந்து, ஆய்வகத்துக்குப் பக்கத்தில், வாரத்தின் முதல் நாட்களில் எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை எடுத்தால் ஞாயிறு கழித்துத்தான் அவசரச் சோதனையே தொடங்கும். அன்று இரவு பஸ்ஸில் திரும்பாமல் மதுரையில் யார் வீட்டிலாவது தங்கிவிட்டு மறுநாள் போங்கள், வரும்போது இரத்த வகைச் சீட்டையும் 6 வார ஸ்கேனையும் கையோடு கொண்டுவாருங்கள்.